மாணவி தன் சைஃபரைத் திருப்பிக் காட்டினால் செய்தி வருகிறது. அப்படியானால் விடை சரியா?

கேள்வி: "11ஆம் வகுப்புக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். தேர்வில் COME BY SIX என்ற செய்தியை 3 எழுத்து தள்ளி சீசர் சைஃபரில் எழுதச் சொல்லியிருந்தேன். விடைக்குறிப்பில் FRPH EB VLA. ஒரு மாணவி ZLJB YV PFU என்று எழுதியிருக்கிறாள். தப்பு போட்டேன். அவள் என் மேஜைக்கு வந்து, தன் விடையை என் கண் முன்னாலேயே டீகிரிப்ட் செய்து COME BY SIX என்று வரவைத்துவிட்டாள். எல்லா விடைகளையும் இப்படித் திருப்பிப் பார்த்தே திருத்தலாம் என்று நினைத்திருந்தேன், இப்போது குழப்பமாக இருக்கிறது. திருப்பினால் செய்தி வந்துவிட்டால் விடை சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?"

திருப்பியது யார், எந்த விதிப்படி திருப்பினார் என்பதைப் பொறுத்தது. கேள்வித்தாளில் உள்ள விதியை எடுத்து நீங்களே திருப்பி, செய்தி எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தால் விடை சரி. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மாணவி தன் விதிப்படி தானே திருப்பிக் காட்டினால், போன வழியிலேயே திரும்பி வர அவளுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியவருகிறது. போன வழி நீங்கள் சொன்ன வழிதானா என்பதற்கு அதில் பதில் இல்லை. நீங்கள் சொல்வதில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

முதலில் சந்தேகமில்லாத பாதியைச் சொல்லிவிடுகிறேன். 3 தள்ளும் விதியில் A எப்போதும் D, B எப்போதும் E. இரண்டு வேறு எழுத்துகள் ஒரே எழுத்தாக மாறுவது கிடையாது. 26 எழுத்துக்கும் 26 தனித்தனி ஜோடி. அதனால் COME BY SIX என்று திரும்பி வரக்கூடிய சைஃபர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், FRPH EB VLA. நீங்கள் ஒவ்வொரு எழுத்தையும் 3 பின்னால் நகர்த்தி அந்தச் செய்தி கிடைத்தால், மாணவரின் தாளில் இருப்பது அந்த ஒரே விடைதான். இது ஷிஃப்ட் சைஃபரின் அமைப்பிலேயே உள்ள விஷயம். எத்தனை தாளுக்குச் செய்தாலும் பொய்க்காது.

இப்போது உங்கள் மாணவியின் விடையை உங்கள் விதிப்படி திருப்பிப் பாருங்கள். Z மூன்று பின்னால் போனால் W. L போனால் I. இப்படியே போனால்:

```
மாணவியின் விடை :  Z L J B   Y V   P F U
3 பின்னால்      :  W I G Y   V S   M C R
வர வேண்டியது    :  C O M E   B Y   S I X
```

இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் ஒப்பிட்டால் ஒரு ஒழுங்கு தெரியும். W-க்கு 6 எழுத்து தள்ளி C. I-க்கு 6 தள்ளி O. G-க்கு 6 தள்ளி M. ஒன்பது எழுத்தும் சரியாக ஆறாறு எழுத்து பின்தங்கி நிற்கின்றன. அவள் 3 முன்னால் போக வேண்டிய இடத்தில் 3 பின்னால் போயிருக்கிறாள். நீங்கள் இன்னொரு 3 பின்னால் இழுத்தீர்கள். மொத்தம் ஆறு. உங்கள் மேஜையில் அவள் செய்து காட்டியபோது பின்னால் போனதை முன்னால் நகர்த்தினாள், அதனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பழைய செய்தி வந்துவிட்டது. அவள் ஏமாற்றவில்லை. அவள் செய்த திருப்பல் அவளுடைய குறியாக்கத்துக்கு மிகச் சரியான திருப்பல்தான்.

எதிர்த்திசையில் போவது கவனக்குறைவால் வருவது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மாணவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. நாம் பலரும் இரண்டு காகிதப் பட்டைகளை வைத்துப் பாடம் நடத்துகிறோம். மேல் பட்டையில் A முதல் Z வரை, கீழ்ப் பட்டையிலும் அதேபோல. "எழுத்தை வலது பக்கம் 3 தள்ளு" என்று சொன்னதும் பிள்ளைகள் கீழ்ப் பட்டையை வலது பக்கம் 3 கட்டம் நகர்த்துகிறார்கள். நகர்த்திப் பாருங்கள்: கீழ்ப் பட்டையின் A இப்போது மேல் பட்டையின் D-க்குக் கீழே வந்து நிற்கும். அதாவது D மாறி A ஆகிறது, C மாறி Z ஆகிறது. நமக்கு வேண்டிய A-க்கு D கிடைக்க வேண்டுமானால் கீழ்ப் பட்டையை இடது பக்கம் 3 நகர்த்த வேண்டும். எழுத்து வலப்புறம் போக, பட்டை இடப்புறம் போக வேண்டும் என்பது பெரியவர்களையே ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும். உங்கள் மாணவியும் பட்டை வைத்துச் செய்திருந்தால், நீங்கள் சொன்ன "3 தள்ளு" என்ற சொல்லை அவள் நேர்மையாகவே பின்பற்றியிருக்கக்கூடும். வட்டமான சைஃபர் சக்கரத்திலும் இதே தொந்தரவு உண்டு, உள்வட்டத்தைத் திருப்புவதா வெளிவட்டத்தைத் திருப்புவதா என்பதில்.

அதனால்தான் நான் கேள்வித்தாளில் "3 தள்ளு", "வலது", "இடது" எதையும் தனியாக எழுதி விடுவதில்லை. "A என்பது D ஆக மாறும்" என்று ஒரு ஜோடியைச் சேர்த்து எழுதிவிடுவேன். ஒரு ஜோடி சொன்னால் எண்ணும் திசையும் இரண்டும் அதிலேயே அடங்கிவிடும். சீசரைப் பற்றி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய சுவெட்டோனியஸும் இப்படித்தான் செய்திருக்கிறார்: நான்காவது எழுத்தை மாற்றிப் போடு, அதாவது A-க்கு D என்கிறார். "நான்காவது" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? A-யையே ஒன்று என்று எண்ணினால் D நான்காவது. நாமோ A-யை விட்டு எண்ணி 3 என்கிறோம். "அதாவது A-க்கு D" என்று அவர் சேர்த்திருக்காவிட்டால், சீசர் தள்ளியது மூன்றா நான்கா என்று ஒரு சண்டை நடந்திருக்கும்.

இந்த எண்ணும் பழக்கம்தான் அடுத்த பெரிய பிழைக்கும் காரணம். சில பிள்ளைகள் விரலை C மேல் வைத்து "ஒன்று" என்கிறார்கள், D "இரண்டு", E "மூன்று". C-க்கு E என்று எழுதிவிடுகிறார்கள். 3 தள்ளச் சொன்னால் 2 தள்ளியிருப்பார்கள். அந்த விடை EQOG DA UKZ என்று இருக்கும். உங்கள் விதிப்படி 3 பின்னால் இழுத்தால் BNLD AX RHW. ஒவ்வொரு எழுத்தும் ஒன்று பின்தங்கி இருக்கும். அந்தப் பிள்ளையையே திருப்பச் சொல்லுங்கள். அதே விரல், அதே எண்ணும் முறை, E மேல் வைத்து "ஒன்று", D "இரண்டு", C "மூன்று". COME BY SIX தப்பாமல் வந்துவிடும். பிழை போகும்போதும் வரும்போதும் ஒரே அளவில் இருப்பதால் தன்னைத் தானே மறைத்துக்கொள்கிறது.

ஆக, நீங்கள் திருப்பும்போது கிடைக்கும் குப்பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் குப்பைதான் பயனுள்ளது. எல்லா எழுத்தும் ஒரே அளவு விலகியிருந்தால் விதியைப் புரிந்துகொண்டதில் கோளாறு. ஒன்றிரண்டு எழுத்து மட்டும் விலகியிருந்தால் கைத்தவறு. ஷிஃப்ட் சைஃபரில் ஒரு எழுத்தில் வந்த தவறு பக்கத்து எழுத்துக்குப் பரவாது, ஒவ்வொன்றும் தனித்தனி. FRPH EB WLA என்று ஒரு தாளில் இருந்தால் அது COME BY TIX என்று திரும்பும். எங்கே தவறியதோ அந்த ஒரே இடம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சொல்லின் எல்லா எழுத்தும் சரியாக இருந்து X, Y, Z இருக்கும் இடங்களில் மட்டும் விலகியிருந்தால், Z முடிந்து மறுபடி A-க்குச் சுற்றி வரும் இடத்தில் பிள்ளை தடுமாறியிருக்கிறது. உதாரணமாக FRPH EC VLB. இது COME BZ SIY என்று திரும்பும். Z-க்கு அப்புறம் B-க்குத் தாவி, A-யை விட்டுவிட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. COME BZ SIY-யை வேகமாகப் படித்தால் உங்கள் கண் அதை COME BY SIX என்றே படித்துவிடும். நமக்குச் செய்தி ஏற்கெனவே தெரியும், அதனால் மூளை திருத்திக்கொடுத்துவிடுகிறது. நாற்பதாவது தாளில் இது கட்டாயம் நடக்கும். நான் திருப்பிய வரியைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பேன்: X, I, S, Y, B. சொல்லாகத் தெரியாதபோது கண் எழுத்தை மட்டும் பார்க்கும்.

எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஏன் விலகியது என்பது ஊகம்தான். ஒன்று பின்தங்கியிருந்தால் விரல் எண்ணிக்கையில் தவறியிருக்கலாம், அல்லது கேள்வியில் இருந்த 3-ஐ 2 என்று படித்திருக்கலாம், அல்லது பட்டையை வெட்டும்போது ஒரு கட்டம் நகர்ந்திருக்கலாம். மூன்றுக்கும் விடை ஒன்றேதான். ஆறு பின்தங்கியிருந்தால் எதிர்த்திசை என்று சொன்னேன். 23 முன்னால் தள்ளியிருந்தாலும் இதே விடைதான் வரும், ஏனென்றால் 26 எழுத்து வட்டத்தில் 3 பின்னால் போவதும் 23 முன்னால் போவதும் ஒரே இடம். தாளை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது, பிள்ளையிடம் கேட்டால்தான் தெரியும். கையெழுத்து வேறு ஒரு தொல்லை. U-வும் V-யும், I-யும் L-உம் ஒன்றுபோல எழுதுகிறவர்கள் உண்டு. சாதாரண வாக்கியம் என்றால் சொல்லை வைத்து ஊகித்துவிடலாம், சைஃபர் வரியில் அந்த உதவி கிடையாது.

கம்ப்யூட்டர் லேபில் புரோகிராமாக எழுதச் சொல்லும்போது இதே பிரச்சினை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறது. என் கைக்கு வந்த ஒரு புரோகிராம் நன்றாக நினைவிருக்கிறது. இடைவெளிகளைத் தொடாமல், எழுத்துகளுக்கு மட்டும் என்கிரிப்ட் செய்யும் வரி `c + 3`, டீகிரிப்ட் செய்யும் வரி `c - 3`, அவ்வளவுதான். சுற்றி வரும் ஏற்பாடே கிடையாது. மாணவர் ஓட்டிக் காட்டினார், போட்ட செய்தி அப்படியே திரும்பி வந்தது. நான் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். பிறகு நடுவில் என்ன வருகிறது என்று அச்சிடச் சொன்னபோது திரையில் இப்படி இருந்தது:

```
FRPH E\ VL[
```

X-இன் ஆஸ்கி எண் 88. மூன்று கூட்டினால் 91, அது `[` என்ற அடைப்புக்குறி. Y-க்கு 92, அது சாய்கோடு. எழுத்தே இல்லாத குறிகள். ஆனால் மூன்று கழித்ததும் 88-ம் 89-ம் திரும்பி வந்துவிடுவதால் இறுதி வரி பளிச்சென்று இருந்தது. அன்றிலிருந்து போய் வந்த முடிவை மட்டும் காட்டும் புரோகிராமுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. நடுவில் வரும் சைஃபரை அச்சிட வேண்டும், அதை என்னுடைய சொந்தத் திருப்பியில் போட்டுப் பார்ப்பேன்.

Z-க்குப் பிறகு என்ன செய்வது என்பதில் தடுமாறுவது பழைய கதைதான். சீசரின் வாரிசான அகஸ்டஸ் ஒரே ஒரு எழுத்து தள்ளி எழுதினார் என்றும், அன்றைய லத்தீன் எழுத்து வரிசையில் கடைசி எழுத்தான X வந்தால் A-க்குச் சுற்றி வராமல் AA என்று இரண்டு எழுத்து போட்டார் என்றும் அதே சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி எழுத்துக்கு ஒரு விதி வைத்தே ஆக வேண்டும், எந்த விதி என்பதைக் கேள்வி கொடுக்கிறவர் சொல்லியாக வேண்டும். நம் பாடத்தில் அந்த விதி, சுற்றி வருவது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: விடை சரி, திருப்பிப் பார்க்கும் புரோகிராம் தப்பு. சி மொழியில் டீகிரிப்ட் வரியைப் பலரும் இப்படி எழுதுகிறார்கள்:

```
p = (c - 'A' - 3) % 26 + 'A';
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. A வரும்போது `c - 'A' - 3` என்பது -3. சி மொழியிலும் ஜாவாவிலும் -3-ஐ 26-ஆல் வகுத்த மீதி -3 என்றே வரும். 65-இல் மூன்று கழிந்து 62, அது `>` குறி. சரியான விடையான FRPH EB VLA-வின் எழுத்துகளை இதில் போட்டால் `COME B? SI>` என்று வரும். திருப்பிய வரியில் `>`, `?`, `@` மூன்றில் ஏதாவது தலைகாட்டினால் மாணவரின் விடையைச் சந்தேகிக்காதீர்கள், திருப்பும் வரியைச் சந்தேகியுங்கள். A, B, C மூன்றும்தான் அந்த மூன்று குறிகளாக மாறுகின்றன. மூன்றைக் கழிப்பதற்குப் பதில் 23-ஐக் கூட்டிவிட்டால் எதிர்மறை எண்ணே வராது:

```
p = (c - 'A' + 23) % 26 + 'A';
```

பைத்தானில் -3 % 26 என்பது 23 என்றே வருவதால் இந்தத் தொல்லை இல்லை. அதே கணக்கை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே பெயர்த்து எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உங்களுக்கு லினக்ஸ் இருக்கும் லேப் கிடைத்தால், திருத்துவதற்கு இந்தக் கணக்கு எதுவுமே வேண்டாம். ஒரு வரி போதும்:

```
echo "ZLJB YV PFU" | tr 'D-ZA-C' 'A-Z'
```

D-க்கு A, E-க்கு B, கடைசியில் A-க்கு X, B-க்கு Y, C-க்கு Z என்று இரண்டு பட்டியலை நேருக்கு நேர் வைத்து மாற்றித் தருகிறது. இடைவெளிகளை அப்படியே விட்டுவிடும். உங்கள் மாணவியின் விடைக்கு WIGY VS MCR என்று காட்டும். இதை நான் விரும்புவதற்குக் காரணம், மாணவர் பயன்படுத்தும் கூட்டல் கழித்தல் சூத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதுதான். ஒரே சூத்திரத்தை வைத்து இருவரும் செய்தால் ஒரே பள்ளத்தில் இருவரும் விழுவோம். கையால் திருத்துகிறவர்கள் 26 ஜோடிகளை ஓர் அட்டையில் எழுதி மேஜையில் வைத்துக்கொண்டாலும் இதேதான்.

விடைக்குறிப்பு கையில் இருக்கும்போது எதற்குத் திருப்ப வேண்டும், நேராக ஒப்பிட்டுவிடலாமே என்று கேட்கலாம். சரிதான். எல்லோருக்கும் ஒரே செய்தி, ஒரே எண் என்றால் FRPH EB VLA-வோடு ஒப்பிடுவதும் திருப்பிப் பார்ப்பதும் ஒரே தீர்ப்பைத்தான் தரும், ஒப்பிடுவது விரைவு. ஆனால் விடைக்குறிப்பே தப்பாக இருந்தால்? எனக்கு நடந்திருக்கிறது. அவசரத்தில் ஒரு எழுத்தைத் தப்பாக மாற்றிவிட்டு, சரியாக எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டே போனேன். ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் செய்தி முழுசாக வந்து என் தவறு தெரிந்தது. அதனால் மாணவர் தாளைத் தொடுவதற்கு முன்னால் முதலில் விடைக்குறிப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுகிறேன். அப்புறம் நேராக ஒப்பிடுவேன், ஒத்துப்போகாத தாள்களை மட்டும் திருப்பி, எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் பெயரையோ வேறு செய்தியையோ கொடுத்திருந்தால் எல்லாத் தாளையும் திருப்புவதைத் தவிர வழியில்லை.

திருப்பினால் அர்த்தமுள்ள சொல் வருகிறதே என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். COLD என்ற சொல்லை 3 தள்ளினால் FROG. இரண்டும் நல்ல ஆங்கிலச் சொற்கள். CHEER-ஐ 7 தள்ளினால் JOLLY, SLEEP-ஐ 9 தள்ளினால் BUNNY. "எண் கொடுக்கவில்லை, நீங்களே கண்டுபிடியுங்கள்" என்ற வகைக் கேள்விக்கு ஒரே ஒரு சிறு சொல்லைக் கொடுத்தால் இரண்டு விடைகள் நியாயமாகவே சரியாகிவிடலாம். இரண்டு மூன்று சொற்கள் கொண்ட செய்தியில் இந்த ஆபத்து கிட்டத்தட்ட போய்விடுகிறது.

கேள்விக்குச் செய்தியைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். COME BY SIX மோசமில்லை, அதில் X-ம் Y-ம் இருப்பதால் சுற்றி வரும் இடம் சோதிக்கப்படுகிறது. ஆனால் அதில் W-ம் Z-ம் இல்லை. A-க்கு 0 என்று வைக்காமல் 1 என்று வைத்துக்கொண்டு 26-ஆல் வகுத்த மீதியை எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு X என்பது 24, மூன்று கூட்டினால் 27, மீதி 1, அதாவது A. சரியாக வந்துவிடுகிறது. W மட்டும் 23, மூன்று கூட்டி 26, மீதி 0. பூஜ்யத்துக்கு அவர்களிடம் எழுத்தே இல்லை. W வராத செய்தியில் இந்த ஓட்டை கடைசிவரை தெரியாது. திரும்பி வரும்போது அதே ஓட்டை C என்ற எழுத்தில் இருக்கும், Z இருந்தால்தான் சைஃபரில் C வரும். நான் இப்போது கொடுப்பது SIX LAZY COWS. கடைசி நான்கு எழுத்தும் அதில் இருக்கின்றன. 3 தள்ளினால் VLA ODCB FRZV. தள்ளும் எண்ணாக 13-ஐ மட்டும் கொடுக்காதீர்கள். 26-இல் அது சரிபாதி. முன்னால் 13 போனாலும் பின்னால் 13 போனாலும் ஒரே இடம், அதனால் திசையைத் தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளையும் சரியான விடையே எழுதும்.

தமிழில் செய்து பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். காகிதத்தில் அழகாகச் செய்யலாம்: க முதல் ன வரை 18 மெய்களின் வரிசையை வட்டமாக வைத்து, உயிர்மெய்க் குறிகளைத் தொடாமல் மெய்யை மட்டும் 3 தள்ளினால் மழை என்பது லனை ஆகும். இங்கே சரிபாதி 9. புரோகிராமில் செய்யும்போது யூனிகோடு எண்ணோடு மூன்று கூட்டினால் முன்பு சொன்ன அடைப்புக்குறிக் கதைதான் மறுபடியும் நடக்கும். க-வின் எண் `U+0B95`. மூன்று கூட்டினால் `U+0B98`, அந்த இடத்தில் தமிழ் எழுத்து எதுவும் வைக்கப்படவில்லை. திரையில் வெறும் கட்டம் தெரியும். மூன்று கழித்தால் க பத்திரமாகத் திரும்பி வரும், பிள்ளையும் "சரியாக வருகிறதே" என்று சொல்லும்.

உங்கள் மாணவிக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மேஜைக்கு வந்து நின்ற பிள்ளை ஆயிற்றே. கேள்வித்தாளில் திசையை எப்படி எழுதியிருந்தீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். "A, D ஆகும்" என்றோ "அடுத்து வரும் 3ஆவது எழுத்து" என்றோ இருந்திருந்தால் விடை தப்புதான், சுற்றி வருவதைச் சரியாகச் செய்ததற்கு ஒரு பகுதி கொடுக்கலாம். C-யிலிருந்து பின்னால் போய் A-யைத் தாண்டி Z-க்கு ஒழுங்காக வந்திருக்கிறாள், B-க்கு Y என்றும் சரியாகவே போட்டிருக்கிறாள். வெறுமனே "3 எழுத்து தள்ளி" என்று மட்டும் இருந்திருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன், ஏனென்றால் அந்தச் சொற்களுக்குள் அவள் விடையும் அடங்கும். எப்படியானாலும் அவளைக் கூப்பிட்டு, உங்கள் FRPH EB VLA-வை அவளிடம் கொடுத்து அவள் முறைப்படியே திருப்பச் சொல்லுங்கள். IUSK HE YOD என்று வரும். வேறொருவர் அனுப்பிய சைஃபரை ஏன் தன்னால் படிக்க முடியவில்லை என்று அவளே கேட்பாள். அப்போது இரண்டு பட்டைகளையும் அவள் கையில் கொடுங்கள்.